தொடக்க விழா வரவேற்புரை: நான்கு பக்கத்தை ஐந்து நிமிடமாக்குவது எப்படி?

பதில் சொல்பவர், அரசுப் பயிற்சி நிலையம் ஒன்றில் நீண்ட காலம் விழா ஏற்பாடுகளைக் கவனித்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற உறுப்பினர்.

முதல்நிலை நூலகர் ஒருவர்: அம்மா, வணக்கம். எங்கள் மாவட்ட மைய நூலகத்தில் கிளை நூலகர்கள், ஊர்ப்புற நூலகர்கள் 40 பேருக்கு இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை நடக்கிறது. நூல் பட்டியலைக் கணினியில் ஏற்றும் பயிற்சி. வரவேற்புரை என் தலையில் விழுந்திருக்கிறது. தலைமை மாவட்ட நூலக அலுவலர், முன்னிலை வாசகர் வட்டத் தலைவர், தொடங்கி வைப்பவர் மாவட்ட ஆட்சியர், கருத்தாளர் பல்கலைக்கழகப் பேராசிரியர். எழுதிப் பார்த்தேன், நான்கு பக்கம் வருகிறது. எங்கே வெட்டுவது?

அந்த நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் பெயர்களாகத்தான் இருக்கும். எடுத்துப் பாருங்கள். முதலில் "தலைவர் அவர்களே, ஆட்சியர் அவர்களே, பேராசிரியர் அவர்களே" என்று எல்லோரையும் ஒரு சுற்று விளித்திருப்பீர்கள். பிறகு அதே ஆட்களை அதே வரிசையில் "வருக வருக என வரவேற்கிறேன்" என்று இன்னொரு சுற்று. நடுவே ஒவ்வொருவரின் பட்டமும் பதவியும் விருதும். வரவேற்புரை நீளமாவதற்கு எனக்குத் தெரிந்து முக்கியமான காரணம் இந்த இரட்டைச் சுற்றுதான். தலைமை தாங்குபவரும் சிறப்புரை ஆற்றுபவரும் விளித்துவிட்டுப் பேசலாம். அவர்களுக்கு அந்தச் சுற்று ஒன்றுதான். உங்களுக்கோ வரவேற்பதே வேலை. ஆகவே தொடக்கத்தில் அனைவருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் போதும். பெயர்களை வரவேற்கும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பயிற்சி எதற்கு என்பதை விருந்தினர்களுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள், மூன்று நான்கு வாக்கியங்களில். அதைச் சொல்லிவிட்டால் ஒவ்வொரு விருந்தினரையும் அந்தப் பயிற்சியோடு தொடர்புபடுத்தி ஒரே வரியில் அறிமுகம் செய்ய முடியும். வாழ்க்கைக் குறிப்பு வாசிக்க வேண்டியதில்லை. உங்கள் விழாவுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்திருக்கும் நூலகர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

வாசகர் ஒருவர் ஒரு நூலின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். அது நம் கிளையில் இல்லை. பக்கத்து ஊர்க் கிளையின் அலமாரியில் இருக்கிறது. அங்கே இருப்பது நமக்குத் தெரியாததால் 'இல்லை' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பதை நூலக அறிவியலின் விதிகளில் ஒன்றாக 1931-இல் எழுதி வைத்தார் எஸ்.ஆர். ரங்கநாதன். நம் கிளைகளின் பட்டியல்கள் ஒன்றோடொன்று இணைந்தால் அந்த விதியை நம்மால் காப்பாற்ற முடியும். அதற்காகத்தான் இந்த இரண்டு நாள் பயிற்சி.

இவ்விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாவட்ட நூலக அலுவலர் திரு. ……… அவர்களை வரவேற்கிறேன். எல்லாக் கிளைகளுக்கும் ஒரே பட்டியல் என்ற திட்டத்தைத் தொடங்கியவர் இவர்.

முன்னிலை வகிக்கும் வாசகர் வட்டத் தலைவர் திரு. ……… அவர்களை வரவேற்கிறேன். நாம் உருவாக்கப்போகும் பட்டியலைத் தேடிப் பார்க்கப் போகிறவர்களின் சார்பில் மேடையில் இருப்பவர் இவர்.

பயிற்சியைத் தொடங்கி வைக்க வந்திருக்கும் மாவட்ட ஆட்சித் தலைவர் திருமதி ………, இ.ஆ.ப., அவர்களை வரவேற்கிறேன். கிளைகளுக்குக் கணினி வழங்க ஒப்புதல் அளித்தவர் இவர். அந்தக் கணினிகளை எப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்பதை இன்று நேரில் பார்க்கிறார்.

இரண்டு நாளும் நம்முடன் அமர்ந்து கற்றுத்தரவிருக்கும் நூலக அறிவியல் துறைப் பேராசிரியர் முனைவர் ……… அவர்களை வரவேற்கிறேன்.

கிளையைப் பூட்டிவிட்டு வர முடியாது என்பதால் மாற்று ஏற்பாடு செய்து, காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கும் கிளை நூலகர்களையும் ஊர்ப்புற நூலகர்களையும் வரவேற்கிறேன். இது உங்களுக்கான பயிற்சி. சந்தேகங்களைத் தயங்காமல் கேளுங்கள். நன்றி, வணக்கம்."

இவ்வளவுதான். ஒலிவாங்கி முன் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 சொல் என்பது என் கணக்கு. மேலே இருப்பது இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பொன்னாடை, கைதட்டல் எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். கணினி ஒப்புதல் போன்ற செய்திகளை உங்கள் ஊர் நிலவரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆட்சியர் செய்யாத ஒன்றை அவர் செய்ததாக மேடையில் சொல்லிவிட்டால் அவரே தம் உரையில் திருத்துவார். அப்போது முகம் கோணுவது உங்கள் அலுவலருக்கு.

வருவாய்த் துறை உதவியாளர்: மேலே உள்ள மாதிரியில் பிழை இருக்கிறது. ஆட்சியர் இருக்கும் மேடையில் அவரைத்தான் முதலில் வரவேற்க வேண்டும். பதவி வரிசைதான் விதி. மூன்றாவதாகச் சொன்னால் விளக்கம் கேட்பார்கள்.

பாதி சரி. பதவி வரிசை பார்க்க வேண்டியது அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்னால். ஆட்சியர் வருகிறார் என்றால் பெரும்பாலும் அவரையே தலைமை என்று போட்டுவிடுவார்கள். மாவட்ட நூலக அலுவலரே வரவேற்புரை சொல்வார். அப்படிப் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழாது. ஆனால் இவர்கள் வேறு மாதிரி அச்சடித்துவிட்டார்கள். அச்சடித்த பிறகு வரவேற்பவர் தம் விருப்பப்படி வரிசையை மாற்றினால், மேடையில் அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து யார் என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், தம்மை விட்டுவிட்டார்கள் என்று நினைப்பார். வாசகர் வட்டத் தலைவர் பதவியில் சிறியவராக இருக்கலாம். ஆனால் ஊரில் பத்துப் பேரை அழைத்து வந்திருப்பவர் அவர்தான்.

அமைச்சர் வந்தால் மட்டும் பேச்சே இல்லை. அழைப்பிதழிலும் உரையிலும் "மாண்புமிகு" அவர்தான் முதலில்.

அதே உதவியாளர்: அழைப்பிதழ் எப்படி இருந்தாலும் எங்கள் மாவட்டத்தில் ஆட்சியர் பெயர்தான் முதலில் வரும். நான் பார்த்த வரையில் இதற்கு விலக்கே கிடையாது.

உங்கள் மாவட்டத்தில் அதுதான் வழக்கம் என்றால் அதற்கு எதிராக நான் வாதாட மாட்டேன். இரண்டு முறையும் நடக்கின்றன. எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. என் சாய்வு அழைப்பிதழ் பக்கம். நூலகர் தம்பி, நீங்கள் ஆட்சியரின் முகாம் எழுத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முதலில்தான் சொல்ல வேண்டும் என்று அவர் சொன்னால், அதை உங்கள் அலுவலரிடமும் வாசகர் வட்டத் தலைவரிடமும் விழாவுக்கு முன்பே தெரிவித்துவிட்டு மாற்றுங்கள்.

தனியார் கல்லூரி அலுவலகப் பணியாளர்: எனக்கு நடந்தது வேறு. சிறப்பு விருந்தினரை வரவேற்று அவர் சாதனைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர் நாற்காலி காலியாக இருக்கிறது. இன்னும் வரவில்லை என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. கூட்டம் சிரித்துவிட்டது. இப்படி நேர்ந்தால் என்ன செய்வது?

ஒருவருக்கு ஒரு சீட்டு என்று எழுதிக்கொள்ளுங்கள். முழு உரையையும் ஒரே தாளில் எழுதினால் ஒருவரைத் தள்ளிவைப்பது கடினம். சீட்டாக இருந்தால் காலி நாற்காலிக்கு உரியதை அடியில் வைத்துவிட்டு அடுத்தவருக்குப் போகலாம். எழுந்து போகும்போதே மேடையை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் உள்ளே வந்தால் சொல்லவந்த வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்துங்கள். வாசலில் வரவேற்று அழைத்து வருவது வேறொருவர் வேலை, உங்களுடையது அல்ல. அவர் உட்கார்ந்த பிறகு அவருடைய சீட்டை எடுத்துப் படியுங்கள். முதலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டாம். நீங்கள் முடித்த பிறகு வந்தால் மறுபடி ஒலிவாங்கிக்கு ஓட வேண்டியதில்லை. தொகுத்து வழங்குபவர் ஒரு வரியில் வரவேற்றுவிடுவார்.

இதைவிட அடிக்கடி நடப்பது, அவர் வராமல் தமக்குப் பதில் இன்னொருவரை அனுப்புவது. ஆட்சியருக்கு அவசரக் கூட்டம் வந்துவிடும், நேர்முக உதவியாளரோ கோட்டாட்சியரோ வருவார். முந்தின நாள் மாலை ஒரு முறையும் அன்று காலை ஒரு முறையும் முகாம் எழுத்தரிடம் பேசினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். வந்தவரின் பெயரையும் பதவியையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேடையில் "மாண்புடைய ஆட்சியர் அவர்கள் தவிர்க்க முடியாத காரணத்தால் வர இயலவில்லை, நாங்கள் மிகவும் எதிர்பார்த்திருந்தோம்" என்று நீட்டினால், வந்து உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கும்? "ஆட்சித் தலைவர் சார்பில் பயிற்சியைத் தொடங்கி வைக்க வந்திருக்கும் கோட்டாட்சியர் அவர்களை வரவேற்கிறேன்" என்றால் போதும்.

பள்ளி ஆசிரியை: அம்மா, என் மகளுக்குப் பள்ளி ஆண்டு விழாவில் பேச வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. தாளாளர், உணவு ஏற்பாடு செய்தவர், ஒலிபெருக்கி அமைத்தவர் எல்லோர் பெயரும் வர வேண்டுமாம். நீங்கள் கொடுத்த மாதிரியை அப்படியே மாற்றிக்கொள்ளலாமா?

நீங்கள் கேட்பது நன்றியுரை என்று நினைக்கிறேன். ஒலிபெருக்கி, பந்தல், சாப்பாடு, இடம் கொடுத்தவர் எல்லாம் அங்கேதான் வருவார்கள். வரவேற்பில் வருகிறவர்களை மட்டும் சொல்வது வழக்கம். இரண்டையும் கலந்தால் பிற்பகலில் நன்றியுரை சொல்பவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. மகள் பேசுவது வரவேற்பா நன்றியா என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், உதவுகிறேன்.

மருத்துவமனை ஒன்றின் செவிலியர் கண்காணிப்பாளர்: பொன்னாடையை எப்போது போர்த்துவது? எங்கள் பயிற்சி முகாமில் வரவேற்புரை சொல்பவரே பேச்சை நிறுத்தி நிறுத்திப் போர்த்தினார். ஒவ்வொருவருக்கும் புகைப்படக்காரருக்காகக் காத்திருந்தோம்.

நேரம் போகும் இடம் அதுதான். பேசுபவர் போர்த்தக் கூடாது. போர்த்துபவர் பேசக் கூடாது. வரவேற்பவர் ஒலிவாங்கியை விட்டு நகரவே வேண்டாம்.

நான் பார்த்தவரை ஒழுங்காக நடக்கும் முறை இது. மேடையின் ஓரத்தில் தட்டோடு ஒருவர் நிற்பார். தட்டில் பொன்னாடைகளோ புத்தகங்களோ அழைப்பிதழ் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும், மேலே இருப்பது முதலாமவருக்கு. யாருக்கு யார் போர்த்துவது என்று ஒரு தாளில் எழுதித் தட்டிலேயே ஒட்டியிருக்கும். வரவேற்பவர் பெயரைச் சொல்லி "வரவேற்கிறேன்" என்றதும், போர்த்த வேண்டியவர் எழுந்து வருவார். அந்த அரை நிமிடத்தில் வரவேற்பவர் விருந்தினரைப் பற்றிய அந்த ஒரு வரியைச் சொல்லிவிடலாம். மௌனமாகக் காத்திருக்க வேண்டியதில்லை. அறிமுகத்துக்கென்று தனி நேரமும் தேவைப்படாது.

போர்த்துபவர் அதே துறையில், விருந்தினருக்கு ஓரளவு இணையான நிலையில் இருந்தால் நல்லது. ஆட்சியருக்கு மாவட்ட அலுவலர் போர்த்தலாம். கருத்தாளருக்கு மூத்த நூலகர் ஒருவர் போர்த்தலாம். பெண் விருந்தினருக்குப் பெண் அலுவலர் போர்த்துவது இங்கே பெரும்பாலும் கடைப்பிடிக்கும் வழக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்தால் இந்தச் சிக்கலும் இல்லை, நேரமும் பாதி. நூலக விழாவில் பொன்னாடை எதற்கு என்பது என் நெடுநாள் குறை, அதை விடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உத்தியோகத்தர்: எங்கள் பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தர்களுக்குச் செயலமர்வு நடக்கவுள்ளது. தமிழ்நாட்டு மாதிரி ஒன்றைப் பார்த்து எழுதினேன். மேலதிகாரி வாசித்துவிட்டு "பிரதம விருந்தினர் எங்கே?" என்று கேட்டார். எதைப் பின்பற்றுவது?

உங்கள் மேலதிகாரி கேட்டது சரி. தமிழ்நாட்டு அழைப்பிதழில் "சிறப்பு விருந்தினர்" என்றால் பெரும்பாலும் அந்த மேடையின் முதன்மை விருந்தினர்தான். உங்களிடம் பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று படிநிலை இருக்கிறது. எங்கள் மாதிரியை அப்படியே எடுத்தால் பிரதம விருந்தினரை ஒரு படி இறக்கிவிடுவீர்கள். எங்கள் கருத்தாளர் உங்களுக்கு வளவாளர். மங்கல விளக்கேற்றல் உங்களிடம் வரவேற்புரைக்கு முன்பே முடிந்துவிடும் என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடமோ குத்துவிளக்கு சில இடங்களில் வரவேற்புக்கு முன்னும் சில இடங்களில் தொடக்கவுரைக்கு முன்னும் ஏற்றப்படுகிறது. உங்கள் செயலகத்தின் சென்ற ஆண்டு நிகழ்ச்சி நிரலை எடுத்து அந்த வரிசையையே பின்பற்றுங்கள். என் மாதிரியிலிருந்து இரட்டைச் சுற்று வேண்டாம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல்நிலை நூலகர்: நன்றி அம்மா. இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் ஊரில் வரவேற்புரை என்றாலே அனிச்ச மலர்க் குறளில்தான் தொடங்குவார்கள். அது இல்லாமல் தொடங்கினால் குறையாகத் தெரியுமா? தமிழ்த்தாய் வாழ்த்தை ஒலிக்கவிடுவதும் என் பொறுப்பாம், குறுந்தகடு தேட வேண்டுமா?

அனிச்சக் குறள் சொல்வது என்ன? வந்தவரை முகம் மாறிப் பார்த்தாலே விருந்தினர் வாடிவிடுவார் என்று. விருந்தோம்பலுக்கு அருமையான குறள்தான்; ஆனால் எல்லா மேடையிலும் கேட்டுக் கேட்டு, அது தொடங்கியதுமே கூட்டம் கைபேசியை எடுத்துவிடுகிறது. குறள் வேண்டும் என்றால் கல்வி அதிகாரத்தில் மணற்கேணி பற்றிய 396-ஆம் குறளை எடுங்கள். தோண்டத் தோண்ட ஊறுவதுபோல் கற்கக் கற்க அறிவு ஊறும் என்பது பயிற்சிக்கு நேராகப் பொருந்துகிறது. அதையும் முதலில் சொல்லாமல், நூலகர்களை வரவேற்கும் இடத்தில் சொல்லுங்கள். குறளே இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. 55 நொடியில் பாட வேண்டும், மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்க வேண்டும். இசைத்தட்டைப் போடுவதைவிடப் பயிற்சி பெற்றவர்கள் வாய்விட்டுப் பாட வேண்டும் என்பதும் அந்த ஆணையில் இருக்கிறது. ஆகவே குறுந்தகடு தேடாமல், உங்கள் 40 பேரில் நன்றாகப் பாடுகிற இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். காலையில் ஒரு முறை பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் உரை அது முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு; நாற்காலி நகரும் சத்தம் அடங்கும் வரை வாயைத் திறக்காதீர்கள். முதல் வணக்கமே அந்தச் சத்தத்தில் கரைந்துவிடும்.

ஊர்ப்புற நூலகர்: எனக்கு ஒரு மனக்குறை. எல்லா விழாவிலும் பயிற்சிக்கு வந்த எங்களைக் கடைசியில்தான் சொல்கிறார்கள், அதுவும் "மற்றும் இங்கு வருகை தந்துள்ள அனைவரையும்" என்று. உங்கள் மாதிரியிலும் நாங்கள் கடைசிதான். முதலில் எங்களைச் சொல்லக் கூடாதா?

சொல்லலாம். அப்படி ஒரு முறை செய்தும் பார்த்தார்கள், பயிற்சி நிலையத்தில் ஒரு புதிய அலுவலர் வந்தபோது. கீழே இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மேடையில் ஒருவர் முகம் சுருங்கியது. விழாவுக்குப் பிறகு இதைப் பற்றி இரண்டு பக்கமும் பேசினார்கள், ஒரு முடிவுக்கும் வரவில்லை. என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது, "அனைவரையும்" என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும் என்பதுதான். எந்த ஊர்களிலிருந்து வந்திருக்கிறார்கள், என்ன வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று சொன்னால், கடைசியில் வந்தாலும் அது வெறும் சடங்காக இருக்காது. மாவட்டத்தின் தொலைவான இரண்டு ஊர்களின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், அந்த ஊர்க்காரர்கள் கைதட்டுவார்கள்.

கூட்டுறவு வங்கி ஊழியர்: பெயர்களை எப்படிச் சரியாகச் சொல்வது? முனைவரா டாக்டரா, திருமதியா செல்வியா, தலைப்பெழுத்தைச் சொல்ல வேண்டுமா? பார்த்துப் படிக்கலாமா, மனப்பாடமாகச் சொன்னால்தான் மதிப்பா?

அவரவர் அலுவலகத்தில் தொலைபேசியில் கேளுங்கள், "மேடையில் எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டால் போதும். ஆய்வுப் பட்டம் பெற்றவர் முனைவர், மருத்துவர் என்றால் மருத்துவர். "டாக்டர்" என்று பொதுவாகச் சொன்னால் கூட்டத்துக்கு எது என்று தெரியாது. திருமதி, செல்வி இரண்டும் உறுதியாகத் தெரியாவிட்டால் "திருமிகு" என்று சொல்லலாம், இப்போது பல மேடைகளில் கேட்கிறது. தலைப்பெழுத்தை விடாதீர்கள். நீதிபதி வந்தால் "மாண்பமை". பட்டங்களில் ஒன்றுக்கு மேல் வேண்டாம், எம்.ஏ., எம்.ஃபில்., பி.எட். எல்லாம் அழைப்பிதழில் இருக்கட்டும்.

பெயர்களைப் பார்த்தே படியுங்கள். மனப்பாடமாகச் சொல்கிறவர்தான் பேராசிரியரின் தலைப்பெழுத்தை வாசகர் வட்டத் தலைவருக்குக் கொடுத்துவிடுவார். சீட்டில் பெயரைப் பெரிய எழுத்தில் தனி வரியாக எழுதுங்கள், பதவி அதற்குக் கீழே. மேடை விளக்கு கண்ணில் அடிக்கும்; வீட்டில் தெளிவாகத் தெரிந்த எழுத்து அங்கே தெரியாது. அரங்கத்துக்குப் போனதும் ஒலிவாங்கி அருகே நின்று ஒரு முறை சீட்டைப் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.